பதினான்கு சர்டிபிகேட்டும் ஐந்து மொழியும்: ரெஸ்யூமின் கீழ்ப்பாதியை எப்படி எழுதுவது?

மகள் பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள், பதினான்கு சர்டிபிகேட் இருக்கிறது, எல்லாவற்றையும் போட்டால் ரெஸ்யூம் மூன்று பக்கம் போகிறது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எதை விடுவது என்பதை விண்ணப்பிக்கிற வேலைதான் சொல்லும். எனவே ஒரு வேலையை வைத்தே பார்ப்போம். கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை. டேலி பிரைம், ஜிஎஸ்டி, எக்செல் தெரிந்திருக்க வேண்டும், இந்தி தெரிந்தால் நல்லது என்று விளம்பரத்தில் இருக்கிறது. வடமாநில சப்ளையர்களிடம் போனில் பேச வேண்டியிருக்கும் என்பதால்தான் அந்தக் கடைசி வரி.

புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் முன் அனுபவத்தைப் பற்றிக் கேட்க அதிகம் இருக்காது. அதனால் இன்டர்வியூ எடுப்பவர் கேள்விகளை ரெஸ்யூமின் கீழ்ப்பாதியில், அதாவது மொழிகள், திறன்கள், சான்றிதழ்கள் என்ற பகுதிகளில் இருந்துதான் பிடிப்பார். அங்கே எழுதும் ஒவ்வொரு சொல்லும் 'இதில் என்னைக் கேளுங்கள்' என்று அழைப்பது மாதிரி. ஒரு விஷயத்தில் அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்டால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று மகளையே யோசிக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் அந்தச் சொல் வேண்டாம்.

முதலில் மொழிகள். 'தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, பிரெஞ்சு' என்று ஒரே வரியில் எழுதுவது பழக்கமாகிவிட்டது. இதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியவராது. பேசுவாரா, படிப்பாரா, எழுதுவாரா? இந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என வரிசையாகத் தேறிய நம் பிள்ளைகள் பலருக்கு இந்தியைப் படிக்க வரும், எழுத வரும். போனில் 'பில் இன்னும் வரவில்லையே' என்று கேட்க நா எழாது. அந்தத் தேர்வு பொய்யில்லை. ஆனால் 'இந்தி' என்று மட்டும் எழுதினால் இந்த வேலைக்கு அது பேச்சு இந்தி என்றுதான் பொருள்படும். முதல் நாளே சப்ளையர் போனைக் கையில் கொடுப்பார்கள்.

ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். புரிவதற்காக இங்கே தமிழில் சொல்கிறேன். 'தமிழ்: தாய்மொழி. ஆங்கிலம்: அலுவலக மெயில் எழுதவும் பேசவும் வரும். இந்தி: படிக்க, எழுத வரும், எளிய உரையாடல் மட்டும், ராஷ்டிரபாஷா தேர்ச்சி.' மூன்று வரி போதும். பக்கத்து வீட்டில் கேட்டுப் பழகிய தெலுங்கு சரளமாகப் பேச வந்தால் 'பேச மட்டும்' என்று தாராளமாகப் போடலாம், அது வெட்கப்பட வேண்டிய குறையல்ல. பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

வெளிநாட்டு மொழியில் தேர்வு எழுதியிருந்தால் அந்தத் தேர்வின் நிலையையே போடுங்கள். ஜெர்மன் ஏ2, ஜப்பானிய மொழி என்5 என்ற மாதிரி. ஜெர்மனில் ஏ1 தொடக்கம், சி2 உச்சம். ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்விலோ என்5 தான் கீழ்ப்படி, என்1 மேல்படி. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: அந்த ஜப்பானியத் தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. ஆகவே என்5 வைத்துக்கொண்டு 'சரளமாகப் பேசுவேன்' என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

திறன்கள் பகுதிதான் அதிகம் கெட்டுப்போகிற இடம். 'எம்எஸ் ஆபீஸ், டேலி, ஜிஎஸ்டி, டீம் ஒர்க், லீடர்ஷிப், கடின உழைப்பு' என்று இருக்கும். கடைசி மூன்றையும் எடுத்துவிடுங்கள். சொல்லி நிரூபிக்க முடியாதவை. முதல் மூன்றை உடைத்து எழுத வேண்டும். எக்செல்லில் எது வரும்? பிவட் டேபிள் போடத் தெரியுமா, SUMIFS, XLOOKUP பயன்படுத்தத் தெரியுமா? டேலியில் வவுச்சர் என்ட்ரியோடு சரியா, இல்லை வங்கிக் கணக்கு ஒத்திசைவும் செய்ததுண்டா?

ஜிஎஸ்டி என்ற ஒற்றைச் சொல் பெரும் பொறி. இன்டர்வியூவில் வரக்கூடிய சாதாரணக் கேள்வி இது: 'சப்ளையரிடம் வாங்கிய பில் நம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது, ஜிஎஸ்டிஆர்-2பியில் இல்லை. ஏன், என்ன செய்வீர்கள்?' சப்ளையர்கள் தங்கள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றும் பில்களை வைத்து, வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளம் தானே தயாரிக்கும் பட்டியல்தான் 2பி. சப்ளையர் அதில் அந்த பில்லை ஏற்றாமல் விட்டிருக்கலாம், தாமதமாகவோ தவறான ஜிஎஸ்டிஐஎன் எண்ணிலோ ஏற்றியிருக்கலாம். அவரிடம் கேட்டுச் சரிசெய்யும்வரை அதற்கான வரி வரவை எடுக்க முடியாது. இதைச் சொல்ல முடிந்தவர் 'ஜிஎஸ்டிஆர்-2பியையும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒப்பிடுதல், பயிற்சித் தரவில் செய்தது' என்று எழுதலாம். 'பயிற்சித் தரவில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நிஜ கம்பெனியில் செய்தது போல் தோன்றவிட்டு, பிறகு கேள்வியில் பின்வாங்குவது இல்லாததைவிட மோசம்.

எக்செல் 90 சதவீதம், டேலி நான்கு ஸ்டார் என்று பட்டையும் நட்சத்திரமும் வரைகிற டெம்ப்ளேட் வேண்டாம். எதில் 90 சதவீதம் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. போதாததற்கு, விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் பெரும்பாலும் எழுத்தைத்தான் படிக்கும், படத்தை அல்ல. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ரெஸ்யூம் பிடிஎஃபைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூம் வெறும் படம். இடமும் வலமுமாக இரண்டு பத்தி உள்ள டெம்ப்ளேட்டாக இருந்து, இடப்பக்கத் திறன்களும் வலப்பக்கப் படிப்பும் ஒரே வரியில் கலந்து விழுந்தால், மென்பொருளும் அப்படியே படிக்க வாய்ப்பிருக்கிறது. ஒற்றைப் பத்திக்கு மாற்றிவிடுங்கள்.

இனி அந்தப் பதினான்கு சர்டிபிகேட். மேசையில் பரப்பி மூன்று அடுக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். தேர்வு எழுதித் தேறியவை ஒன்று, வீடியோ பார்த்து முடித்தவை இன்னொன்று, வெபினார், ஒர்க்‌ஷாப் என்று கலந்துகொண்டதற்காகக் கொடுத்தவை மூன்றாவது. மூன்றாவது அடுக்கு பீரோவுக்குப் போகட்டும். இரண்டாவதில் வேலைக்கு ஒட்டியது ஒன்றிரண்டு இருந்தால் 'முடித்த பாடநெறிகள்' என்ற தலைப்பில் மட்டும் வைக்கலாம். 'சான்றிதழ்கள்' என்பதன் கீழ் கலக்கக் கூடாது. முதல் அடுக்குதான் எடை உள்ளது. ஆன்லைனில் நடக்கும் என்பிடெல் பாடத்தில் பதிவு செய்வது வேறு, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்குவது வேறு. எழுதியிருந்தால் மதிப்பெண்ணோடு போடுங்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் ஹையர் தேறியிருந்தால் அதையும் போடலாம், நிமிடத்துக்கு 45 சொல் என்பது அளந்து கொடுத்த தகுதி. தேறிப் பல வருடம் ஆகி விரல் மறந்திருந்தால், இன்டர்வியூ நாளிலேயே கீபோர்டில் உட்கார வைக்கவும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரே வரி: சான்றிதழில் அச்சான முழுப்பெயர், கொடுத்த அமைப்பு, மாதம், வருடம், சரிபார்க்கும் எண் இருந்தால் அது. காலாவதி உள்ளவற்றுக்கு எதுவரை செல்லும் என்பதும் வேண்டும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடமும், அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் சான்றிதழ் மூன்று வருடமும்தான் செல்லும். இன்னும் முடிக்காததை முடித்தது போல் எழுதாமல், 'சிஎம்ஏ இன்டர்மீடியட் குரூப் 1 தேர்ச்சி, குரூப் 2 எழுத வேண்டியுள்ளது' என்று நிலையைச் சொல்லிவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, ஆன்லைன் கோர்ஸில் செல்லப் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். ரெஸ்யூமில் மார்க் ஷீட் பெயரையே வையுங்கள். ஆன்லைன் சான்றிதழில் பெயர் மாறியிருந்தால் இப்போதே அந்தத் தளத்துக்கு எழுதித் திருத்தம் கேளுங்கள். ஆபர் வந்த பிறகு, ஒரிஜினல் சரிபார்க்கிற வாரத்தில் அதற்கு நேரம் இருக்காது.