வெயில் சுட்ட குழந்தையின் தோல்: தீக்காயப் பிரிவுச் செவிலியர் ஒருவரிடம் சில கேள்விகள்

6 வயது மகன் நேற்று மாமல்லபுரம் கடற்கரையில் 11 மணியிலிருந்து 2 மணி வரை சட்டையில்லாமல் ஆடினான். வீடு திரும்பும்போது ஒன்றுமில்லை. இரவு தோளும் முதுகும் நெருப்பாகக் கொதித்தன. ஐஸ் வைத்தால் அலறுகிறான். எடை 20 கிலோ.

ஐஸ் வேண்டாம் அம்மா. வெந்த தோலில் அது இன்னொரு காயத்தை உண்டாக்கும். வெயில் காயம் தாமதமாகத்தான் முகம் காட்டும். சில மணி நேரம் கழித்துச் சிவந்து, ஒரு நாள் வரை ஏறும். அதனால் இன்று நேற்றைவிட மோசமாகத் தெரிந்தால் மிரள வேண்டாம்.

மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து 10, 15 நிமிடம் போடுங்கள். துணி சூடேறியதும் மறுபடி நனையுங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். பானைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். நாளுக்கு நான்கைந்து முறை செய்யலாம். அவன் நடுங்கினால் நிறுத்திவிடுங்கள். பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத ஈரப்பதக் களிம்பு தடவுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பாட்டிலில் 5 மில்லியில் 250 மி.கி. என்றிருந்தால் இவனுக்கு ஒரு வேளைக்கு 5 மில்லி. 125 என்றிருந்தால் 10 மில்லி. ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. இரண்டு பாட்டில்களும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அளவு தவறுவது அங்கேதான். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

எங்கள் வீட்டில் தயிர், கற்றாழை, மஞ்சள் மூன்றையும் அரைத்துப் போடுவோம். இரண்டே நாளில் சரியாகிவிடும். அதைச் சொல்லாமல் கடைக் களிம்பைச் சொல்கிறீர்களே?

கற்றாழை குளிர்ச்சி தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் அரிக்கும். அதை வடியவிட்டுக் கழுவி, உள்ளே உள்ள தெளிந்த சோற்றை மட்டும் எடுங்கள். தோல் உடைந்த இடத்தில் அதுவும் வேண்டாம். மஞ்சள் போட்டால் சிவப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. மருத்துவர் முதலில் அதைக் கழுவ வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் குழந்தை படும் பாட்டைப் பார்த்தவள் நான். லேசான காயம் எதுவும் தடவாவிட்டாலும் சில நாளில் அடங்கிவிடும், ஐயா.

மகளின் தோளில் புளியங்கொட்டை அளவு கொப்புளங்கள். ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடவா?

குத்தாதீர்கள். மேல் தோல்தான் அடியில் உள்ள பச்சைப் புண்ணுக்குப் போர்வை. தானாக உடைந்தால் சோப்பு நீரில் மெதுவாகக் கழுவி, மெல்லிய வாசலின் பூச்சின்மேல் ஒட்டாத கட்டு போட்டு, தினமும் மாற்றுங்கள். தொங்கும் தோலைப் பிய்க்க வேண்டாம். பஞ்சை நேரடியாக வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பை வார் உரசும் இடமென்றால் அவள் சில நாள் பையைக் கையில் எடுத்துப் போகட்டும்.

பெரிய கொப்புளத்தை மருத்துவமனையில் திறப்பதா, விடுவதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எதுவானாலும் அது வீட்டு ஊசியின் வேலையல்ல.

என் பையனுக்கும் இதேதான். கழுத்திலும் முதுகிலும் சிறு சிறு சிவப்புப் பொரி, ஒரே அரிப்பு. வெயிலுக்கே போகவில்லை, வீட்டுக்குள்தான் இருந்தான்.

தம்பி, அது வேர்க்குருவாக இருக்கும். வெயில் சுட்ட தோல் வெயில் பட்ட இடத்தில் மட்டும் சிவக்கும். சட்டை விளிம்போடு கோடு போட்டதுபோல் நின்றுவிடும். அவனுக்குக் காற்றும் தளர்ந்த உடையும் கொடுங்கள்.

கருத்த பிள்ளைக்குச் சிவப்பே தெரியாதே. எப்போது டாக்டரிடம் ஓடுவது?

நல்ல கேள்வி. நிறத்தை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சுடும், விறைத்திருக்கும், தொட்டால் வலிக்கும்.

தோலைவிடக் குழந்தையைக் கவனியுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் லேசானதற்கும் காட்டுங்கள். பெரிய பிள்ளைக்கு முகத்திலோ முதுகு முழுக்கவோ கொப்புளம், கண் கூசி வலித்தல், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, இவற்றில் எது இருந்தாலும் அன்றே போங்கள். பேச்சு குழறினாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடலை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். மயங்கிய வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இரண்டு நாள் கழிந்தும் வலி கூடினால், சீழ் வைத்தால், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால் கிருமி புகுந்துவிட்டது. நாலைந்தாம் நாள் தோல் உரிந்து அரிப்பது வழக்கமானதுதான். அதற்கு ஓட வேண்டியதில்லை.