நட்சத்திரத்துக்குப் பதிலாகச் செய்த வேலையை எழுதுங்கள்

"என் சுயவிபரக்கோவையில் எக்செலுக்கு நான்கு நட்சத்திரமும் நீளமான பட்டையும் போட்டேன். கொழும்பு நிறுவனமொன்றின் தளத்தில் பதிவேற்றியதும் திறன் பகுதி வெறுமையாக வந்தது. ஏன்?"

வணக்கம். அந்தத் தளத்தில் விண்ணப்பங்களை வாசிக்கும் மென்பொருள் கோப்பிலுள்ள எழுத்துகளையே பிரித்தெடுக்கிறது. பட்டை வெறும் வரைபடம் என்பதால் அதில் எடுக்க எழுத்தே இல்லை, நட்சத்திரமோ பொருளற்ற குறியாகவே போய்ச் சேருகிறது. கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மென்பொருளுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதுவே. "எக்செல்" என்ற சொல்லே அங்கு இல்லாவிட்டால், அதுவும் படமாகவே இருக்கிறது. மனிதர் வாசித்தாலும், நான்கு நட்சத்திரம் எந்த அளவுகோலில் என்பது அவருக்கு விளங்காது. ஆகவே சாதாரண எழுத்தில், உதாரணமாக, "எக்செல்: திருநெல்வேலிக் கடையொன்றின் மாதாந்த இருப்பைப் பிவட் அட்டவணையில் தொகுத்து, XLOOKUP மூலம் விலைப்பட்டியலுடன் ஒப்பிட்டேன்" என்பதுபோல, நீங்கள் உண்மையில் செய்ததை எழுதுங்கள்.