பெரியம்மாவின் சொதி: கதையிலிருந்து செய்முறைக்கு

வணக்கம். எங்கள் குடும்பச் சமையலை ஒரு கொப்பியில் தொகுத்து வருகிறேன். பெரியம்மா எதையும் கதையாகத்தான் சொல்வார். சொதி பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்புகிறேன்:

"அண்டைக்கு உங்கட பெரியப்பா வேலைக்கு வெளிக்கிட அவசரம். இடியப்பம் அவிய ஒரு தேங்காயைத் துருவிப் பால் பிழிஞ்சன். ரெண்டாம் பால்ல வெங்காயம், மிளகாய், கிழங்கு எல்லாம் போட்டு அவிய விட்டன். கொஞ்சம் வெந்தயம், கொஞ்சம் மஞ்சள். கிழங்கு அவிஞ்ச உடனே முதற்பாலை விட்டு, கொதி வர முதல் இறக்கினன். அவர் சாப்பிட இருக்கேக்க தேசிக்காய் பிழிஞ்சு விட்டன். உப்பு முன்னமே போட்டதுதான்."

இதைச் சாமான், அளவு, 1, 2, 3 என்று எப்படிப் பிரிப்பது? வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் பார்த்துச் சமைக்க வேண்டும்.

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

பெரியம்மா மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் எது கதை, எது கட்டளை என்று பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். "அவர் சாப்பிட இருக்கேக்க தேசிக்காய் பிழிஞ்சு விட்டன்" என்ற வரியைப் பாருங்கள். பெரியப்பாவைப் பற்றிய நினைவுபோல இருக்கிறதல்லவா? சுருக்கி எழுதுகிறவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். ஆனால் சொதியின் உயிரே அந்த வரிதான். அடுப்பில் கொதிக்கும் பாலில் புளிப்பு விழுந்தால் பால் திரிந்துவிடும். வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதக்கும், கீழே தண்ணீர் தெளியும். பெரியப்பா கை கழுவிவிட்டு வந்து இருக்கும் அந்த நேரத்துக்குள் சட்டியின் சூடு தணிந்திருக்கிறது. ஆகவே செய்முறையில் அது "அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, பரிமாறுமுன் தேசிக்காய் விடவும்" என்று மாற வேண்டும். எந்த வரியையும் வெட்டுமுன், அது நேரத்தையோ சூட்டையோ சொல்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இப்போது ஒரு பென்சிலை எடுத்து வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். துருவி, பிழிஞ்சன், போட்டு, அவிய விட்டன், விட்டு, இறக்கினன், பிழிஞ்சு விட்டன். உங்கள் படிகள் இந்த வினைகளிலிருந்துதான் வரும். அப்புறம் ஒவ்வொரு சாமானையும் எடுத்து, சட்டிக்குள் போகுமுன் அதற்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். கிழங்கு சட்டியில் விழுகிறது. தோல் சீவியது எப்போது, எவ்வளவு பெரிதாக வெட்டினார்? கதையில் இல்லை. அவசரமான காலை என்பதால் சிறு துண்டுகளாகத்தான் வெட்டியிருப்பார் என்று ஊகிக்கலாம், ஆனாலும் அவரிடம் கேட்டுவிடுங்கள். மிளகாய் பச்சை மிளகாயா என்றும் சொல்லவில்லை. சொதிக்குப் பச்சை மிளகாய்தான் என்று நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

கதையில் பெயரே இல்லாத ஒரு சாமானும் உண்டு: தண்ணீர். இரண்டாம் பால் பிழிவதென்றால் தண்ணீர் விடாமல் முடியாது. எவ்வளவு விட்டார் என்பதில்தான் சொதி தண்ணியாக இருக்குமா, கெட்டியாக இருக்குமா என்பது இருக்கிறது. சாமான் பட்டியலில் தண்ணீரை இரண்டு முறை, முதற்பாலுக்கு இவ்வளவு, இரண்டாம் பாலுக்கு இவ்வளவு என்று தனித்தனியே எழுதுங்கள்.

கறிவேப்பிலையை அவர் சொல்லவில்லை. நாம் எல்லோரும் போடுகிறோம் என்பதற்காக நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். மறந்தாரா, போடுவதில்லையா என்று கேட்ட பிறகு எழுதுங்கள்.

அளவுக்கு வருவோம். பெரியம்மாவிடம் "எவ்வளவு?" என்று கேட்டால் "கொஞ்சம்" என்றுதான் சொல்வார், அவருடைய கைக்குத்தான் கணக்குத் தெரியும். அவர் சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிழங்கு, வெங்காயம், தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் சட்டிக்குப் போகுமுன் தராசில் வையுங்கள். "ஒரு தேங்காய்" அளவே அல்ல, காய்க்குக் காய் மாறும், துருவிய பூவின் எடைதான் அளவு. வெந்தயம், மஞ்சள், உப்பு போன்றவற்றைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. அதற்கு ஒரு சின்னத் தட்டை நீட்டி, "சட்டியில் போடுவதை இதில் போடுங்கோ" என்று சொல்லுங்கள். தட்டில் விழுந்ததைத் தேக்கரண்டியில் வழித்து அளந்துவிட்டுச் சட்டியில் தட்டிவிடலாம். அப்போது இரண்டு "கொஞ்சமும்" ஒன்றல்ல என்று தெரிய வரும். வெந்தயம் கூடினால் சொதி கைக்கும், மஞ்சள் கூடினால் நிறமும் மணமும் கெடும்.

இன்னொன்று, "தோல் சீவிய கிழங்கு 200 கிராம்" என்பதும் "கிழங்கு 200 கிராம், தோல் சீவவும்" என்பதும் வேறு வேறு. சீவுமுன் நிறுத்தீர்களா, பின்பா என்பது தெரியும்படி எழுதுங்கள்.

பெரியம்மாவின் கையை நீங்கள் அளக்கும்வரை, நான் என் வீட்டில் வைக்கும் அளவுகளைப் போட்டு ஒரு வரைவு தருகிறேன். நான்கு பேருக்குக் காணும். சாமான்களைப் பயன்படும் வரிசையில் எழுதியிருக்கிறேன், எழுத்து வரிசையிலோ விலை வரிசையிலோ எழுதினால் சமைக்கிறவர் தேடிக்கொண்டிருப்பார்.

சாமான்கள்

தேங்காய்ப்பூ 250 கிராம்
முதற்பாலுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் 200 மில்லிலீற்றர்
இரண்டாம் பாலுக்குத் தண்ணீர் 500 மில்லிலீற்றர்
தோல் சீவிச் சிறு துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்கு 200 கிராம்
உரித்து அரிந்த சின்ன வெங்காயம் 75 கிராம்
நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய் 4
வெந்தயம் அரைத் தேக்கரண்டி
மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி
உப்பு 1 தேக்கரண்டி
தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி

செய்முறை

1. தேங்காய்ப்பூவில் இளஞ்சூட்டுத் தண்ணீரை விட்டுப் பிசைந்து பிழிந்து, முதற்பாலைத் தனியே வைக்கவும்.
2. அதே பூவில் 500 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு இரண்டாம் பாலைச் சட்டியில் பிழியவும்.
3. சட்டியில் கிழங்கு, வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டு மிதமான தீயில் அவிய விடவும். கத்தி நுனி கிழங்கில் தடையில்லாமல் இறங்க வேண்டும், ஏறக்குறைய 12 முதல் 15 நிமிடம்.
4. தீயைக் குறைத்து முதற்பாலை விட்டுத் துழாவவும். ஓரத்தில் சிறு குமிழ் தோன்றியதும், கொதிக்குமுன், இறக்கவும்.
5. ஐந்து நிமிடம் கழித்துத் தேசிக்காய்ச் சாறு விட்டுக் கலக்கி, உப்புப் பார்த்துப் பரிமாறவும்.

உப்பு எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். கதையில் கடைசி வாக்கியம், இங்கே மூன்றாம் படி. பேசுகிறவருக்கு நினைவு வந்த வரிசையும் அடுப்பின் வரிசையும் ஒன்றாக இருப்பதில்லை. "முன்னமே", "அதுக்கு முதல்" போன்ற சொற்கள் வரும் இடத்திலெல்லாம் அந்தச் செயலைத் தூக்கி அதற்குரிய நேரத்தில் வையுங்கள். நிமிடத்தோடு அடையாளத்தையும் எழுதியதற்குக் காரணம், பிள்ளைகள் இருக்கும் நாட்டுக் கிழங்கும் அடுப்பும் வேறு. கத்தி நுனி எங்கும் ஒன்றுதான்.

பிள்ளைகளுக்குத் தேங்காய் கிடைக்காவிட்டால் டின் பாலில் செய்வார்கள். அதில் முதற்பால், இரண்டாம் பால் என்ற பிரிவு இல்லை. 400 மில்லிலீற்றர் டின்னில் 150ஐ முதற்பாலாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் கலந்து இரண்டாம் பாலாக வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்முறைக்குள் நுழைக்காமல் அடியில் தனிக் குறிப்பாகப் போடுங்கள்.

எழுதி முடித்ததும் சொதி வைத்துப் பழகாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்தப் படியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரியம்மா சொன்னதையும் அதே பக்கத்தின் மேலே அப்படியே போடுங்கள். கறிவேப்பிலை பற்றி அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.