'ஹேட் பெட்டர்' சொன்னால் அது எச்சரிக்கை: குன்னூர் ஆங்கில ஆசிரியரிடம் கேள்வி பதில்

கொடைக்கானல் டாக்ஸி ஓட்டுநர்: ரோட்டில் காட்டெருமை நின்றால் டூரிஸ்ட்டிடம் 'யூ ஹேட் பெட்டர் டு ஸ்டே இன் த கார்' என்பேன். சரிங்களா சார்?

அந்த 'டு'வை எடுத்துவிடுங்கள். 'யூ ஹேட் பெட்டர் ஸ்டே இன் த கார்.' பெட்டருக்கு அப்புறம் வினை மொட்டையாகத்தான் வரும். 'ஸ்டேயிங்', 'ஸ்டேட்' எதுவும் ஆகாது. 'ஹேட்' இருந்தாலும் இது பழைய கதை இல்லை, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறது. இறங்காதீர்கள் என்பதற்கு 'யூ ஹேட் பெட்டர் நாட் கெட் அவுட்.' 'நாட்' பெட்டருக்குப் பின்னால்தான். பலரும் அதை ஹேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள், கவனியுங்கள்.

கோத்தகிரி ஹோம்ஸ்டே நடத்துபவர்: அப்போ விருந்தாளியிடம் 'யூ ஹேட் பெட்டர் ட்ரை அவர் வர்க்கி' எனலாமா? பெட்டர் என்றால் நல்லதுதானே?

இலக்கணம் சரி, இடம்தான் தப்பு. செய்யாவிட்டால் ஏதோ கெடுதல் வரும் என்ற எச்சரிக்கை அதற்குள் இருக்கிறது. வர்க்கி சாப்பிடாவிட்டால் என்ன ஆகிவிடும்? 'யூ ஷுட் ட்ரை' என்று சொல்லுங்கள்.

ஓட்டுநர்: என் கஸ்டமர் ஒருத்தரும் கோபித்ததில்லையே?

எதிரே காட்டெருமை நிற்கும்போது யார் கோபிப்பார்கள்? ஆபத்து நிஜம், அதனால் சொல் பொருந்துகிறது.

ஹோம்ஸ்டே நடத்துபவர்: எனக்குக் காய்ச்சல் வந்தபோது தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா 'யூ ஹேட் பெட்டர் ரெஸ்ட்' என்றாரே, அது மிரட்டலா?

அக்கறைதான், ஓய்வு எடுக்காவிட்டால் காய்ச்சல் கூடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. பழகியவர் சொன்னால் உறுத்தாது. முன்பின் தெரியாதவரிடமும் மேலதிகாரியிடமும் நான் சொல்ல மாட்டேன். எந்தக் குரலில் சொன்னால் எங்கே உறுத்தும் என்பதை ஒரே விதியில் அடக்க எனக்கு வழி தெரியவில்லை.

கூடலூர் மாணவி: 'ஐ வுட் ரேதர் யூ கம் டுமாரோ' என்று எழுதினேன். மிஸ் 'கேம்' என்று திருத்திவிட்டார். நாளைக்கு எப்படி 'கேம்' வரும்?

மிஸ் திருத்தியது சரிம்மா. நீயே செய்வதானால் மொட்டை வினை: 'ஐ வுட் ரேதர் கம் டுமாரோ.' இன்னொருவர் செய்ய வேண்டும் என்று நீ விரும்பினால் நடுவில் 'யூ' வருகிறது, வினையும் இறந்தகால வடிவத்துக்கு மாறுகிறது: 'ஐ வுட் ரேதர் யூ கேம் டுமாரோ.' காலம் நாளைதான், வடிவம் மட்டும் பழையது. வர வேண்டாம் என்றால் 'ஐ வுட் ரேதர் யூ டிட்ன்ட் கம்.' அமெரிக்கர் சிலர் 'யூ கம்' என்றே சொல்வதும் உண்டு. பரீட்சையில் 'கேம்' எழுது.

ஊட்டி வாசகர்: 'ஹேட் பெட்டர் டு கோ' சரியா?

முதல் பதிலைப் படியுங்கள். 'டு' கிடையாது.

பழனி வாசகர்: 'ஐ ஹேவ் காட் டு கோ'வில் 'டு' வருகிறதே?

அது வேறு குடும்பம். கையில் ஒரு பொருள் இருந்தால் 'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்.' போயே ஆக வேண்டும் என்றால் 'ஐ ஹேவ் காட் டு கோ.' இங்கே 'டு' இல்லாமல் முடியாது. ஆனால் நேற்றைய கட்டாயத்துக்கு 'காட்' ஆகாது, 'ஐ ஹேட் டு கோ' போதும்.

அதே ஊட்டி வாசகர்: லீவ் லெட்டர் மாதிரி ஒன்று கிடைக்குமா?

அது இன்னொரு நாள். ஓட்டுநர் தம்பி, 'நாட் கெட் அவுட்'டை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.