நேர்காணல் விவரங்களை மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு இரண்டு காதும் கேட்காது. அடையாள அட்டை வைத்திருக்கிறேன். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். எச்.ஆர். பிரிவிலிருந்து போனிலேயே கூப்பிடுகிறார்கள். எழுதி அனுப்பச் சொன்னால், வம்பு பிடித்த ஆள் என்று ஒதுக்கிவிடுவார்களோ? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். இன்றைக்கே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தகவல் தொடர்பு என்பதில் எழுத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஒருவரின் தேவைக்கேற்ப, அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்து தரக்கூடிய மாற்றத்தை ‘நியாயமான வசதி’ என்கிறது. அதை மறுப்பதும் பாகுபாடுதான். போனுக்குப் பதில் மெயில் அனுப்புவதைச் சுமை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது.

ஒரு வரம்பு உண்டு. வேலையில் இந்த வசதியைச் செய்து தரும் நேரடிக் கடமையை 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் மீதுதான் வைக்கிறது. தனியாரிடம் நமக்குக் கைகொடுப்பது 21-ஆம் பிரிவு. அதன்படி நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், மாற்றுத்திறனாளிகளைத் தேர்வு செய்யும் முறை அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். அவர்களின் பணி நியமனத்தைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தக் கொள்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் மெயில். சட்டப் பிரிவு எதையும் முதல் மெயிலில் எழுதாதீர்கள். அதைப் படிப்பவர் பெரும்பாலும் விஷயம் தெரியாமல் போன் செய்த ஓர் ஊழியர். பிரிவு எண்ணைப் பார்த்ததும் மிரண்டு, மேலிடத்துக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம். கணக்காளர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எனக்குக் காது கேட்காது என்பதால் தங்கள் தொலைபேசி அழைப்புகளை ஏற்க முடியவில்லை. நேர்காணல் தேதி, நேரம், இடம் ஆகியவற்றை இந்த மெயிலுக்கே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நேர்காணலின்போது கேள்விகளைத் தாளிலோ கணினித் திரையிலோ எழுதிக் காட்டினால் உடனே பதில் எழுதித் தருவேன். முடிவையும் மெயிலில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அடையாள அட்டையின் நகல் தேவையென்றால் அனுப்புகிறேன். நன்றி.”

‘ஏற்க முடியவில்லை’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? யார் மேலும் குற்றம் சுமத்தாமல், அழைப்பு வந்ததையும் நீங்கள் எடுக்காததற்குக் காரணத்தையும் அது பதிவு செய்துவிடுகிறது. ‘போனில் கிடைக்கவில்லை’ என்று பிற்பாடு உங்களைக் கழித்துக்கட்டினால், இந்த மெயில்தான் முதல் சான்று. தவறிய அழைப்புகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் அதே மெயிலின் கீழேயே நினைவூட்டல் அனுப்புங்கள். தொடர்பு அலுவலர் பெயர் இணையதளத்தில் இருந்தால் அவருக்கும் நகல் வையுங்கள். சட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டிய இடம் இதுதான். அப்போதும் மறுத்தால், மெயில்களை இணைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான், வேலை உத்தரவு இல்லை. அதனால் மனுவில் வேலையைக் கேட்காதீர்கள். எழுத்து வழியில் நேர்காணல் நடத்தச் சொல்லும்படி கேளுங்கள்.