கடல் ஊதாவும் அவுரி நீலமும்: கேள்வி பதில்

கேள்வி: பழைய ஊதாச் சாயம் தங்க விலை விற்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் காலத்து விலைப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா சொல்வதா?

பதில்: இருக்கிறது. கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பொருள்களுக்கு உச்ச விலை வைத்துக் கல்லில் வெட்டிய ஆணைதான் அது. ஒரு ரோமப் பவுண்டு ஏறக்குறைய 325 கிராம். அந்த எடைக்குத் தங்கம் 72,000 தினாரியஸ், ஊதாக் கம்பளி 50,000, ஊதாப் பட்டு 1,50,000. ஆக, கம்பளி தங்கத்துக்குக் கீழே நிற்கிறது, பட்டு தங்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது.

பட்டே விலை உயர்ந்ததுதானே என்று கேட்கலாம். சாயமேற்றாத வெள்ளைப் பட்டின் விலை 12,000தான். மீதி 1,38,000மும் நிறத்துக்குக் கொடுத்த காசு. கெர்மெஸ் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பில் தோய்த்த நைசியா நகரத்துக் கம்பளி அதே பட்டியலில் 1,500தான். அதனால் சாயமேற்றும் கூலி இந்த விலைக்குக் காரணமில்லை. மூலப்பொருள்தான் காரணம்.

1909இல் ஃப்ரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் இந்த ஊதாவைத் தரும் கடல் முள் நத்தைகள் 12,000ஐ உடைத்து, சுத்தமாக்கிய சாயமாக 1.4 கிராம் எடுத்தார். ஒரு கிலோ கம்பளிக்கு 10 கிராம் சாயம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 85,000 நத்தை வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே பழைய பட்டறைக்குப் பொருத்த வேண்டாம். அவர் சுத்திகரித்ததில் இழப்பு உண்டு, நத்தையின் இனத்தைப் பொறுத்தும் அளவு மாறும். ஆனாலும் லெபனானின் சிடோன் நகரத்தில் ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து கிடப்பது ஏன் என்பது இதிலேயே விளங்கிவிடும்.

கேள்வி: நத்தையை நசுக்கி வெயிலில் வைத்தால் ஊதா தானாக வந்துவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் சாயத் தாழியையும் நல்ல வெயிலில் வைப்பதுதானே சரி?

பதில்: முதல் பாதி சரி, இரண்டாவது பாதியில்தான் ஊதாவே கைநழுவிப் போகும்.

உயிருள்ள நத்தையில் ஊதா கிடையாது. ஓட்டுக்கு அடியில், உடலை மூடிய சவ்வின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக ஒரு சுரப்பி நரம்பு ஓடும். அதைக் கீறியதும் அதில் இருக்கும் நொதி வேலையைத் தொடங்கும். சாறு மஞ்சளாகும், பிறகு பச்சையாகும். பச்சையிலிருந்து ஊதாவுக்குப் போகும் கடைசிப் படிக்கு வெளிச்சம் வேண்டும். அப்போது அழுகிய பூண்டு போல ஒரு நாற்றம் எழும். இதுவரை வெயில் நண்பன்.

இப்படி வந்த ஊதா தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் இறங்காது. அதனால் காரம் சேர்ந்த, காற்றில்லாத தாழியில் நொதிக்க விட்டு அதைக் கரைய வைக்க வேண்டும். கரைந்தால் ஊதா மறைந்து நீர் மஞ்சள் கலந்த பச்சையாகும். இந்த நிலையில் வெயில் பட்டால், ஊதாவை ஊதாவாக வைத்திருக்கும் புரோமின் அணுக்கள் கழன்றுவிடும். மிஞ்சுவது இண்டிகோ, அதாவது அவுரியில் கிடைக்கும் அதே நீலம். அப்புறம் கம்பளியைத் தோய்த்தால் நீலமாகத்தான் எழும். யூத மரபில் சொல்லப்படும் தெகேலெத் நீலம் இந்த வழியில் வந்திருக்கலாம் என்ற கருத்து, 1980களில் ஓட்டோ எல்ஸ்னர் என்ற சாய வேதியியலாளர் இதைச் செய்து காட்டிய பிறகு வலுப்பெற்றது. ஊதா வேண்டுமானால் தாழியை மூடியே வையுங்கள்.

கேள்வி: பழைய ரோம எழுத்தாளர் பிளினி ஊதாச் சாயத்துக்குச் சொன்ன முறையில் ‘பிளம்பம்’ பாத்திரத்தில் காய்ச்சு என்று வருகிறது. லத்தீனில் அது ஈயத்தையும் குறிக்கும், வெள்ளீயத்தையும் குறிக்கும். வெள்ளீயம் என்றால் அந்த உலோகமே சாயத்தைக் கரைத்திருக்க முடியும். நீங்கள் நொதித்தல் என்கிறீர்களே?

பதில்: சொல் இரண்டு பக்கமும் இழுக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கொடுத்த மற்ற விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள். 100 பவுண்டு சுரப்பிக்கு ஒரு செக்ஸ்டாரியஸ் உப்பு, அதாவது 33 கிலோவுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று நாள் ஊற வேண்டும். பிறகு தூரத்து உலையிலிருந்து குழாய் வழியாக வரும் மிதமான சூடு. ஒட்டியிருக்கும் சதையை அவ்வப்போது வழித்தெடுக்க வேண்டும். பத்தாம் நாள் வாக்கில் கம்பளியைத் தோய்த்துப் பார்க்க வேண்டும். உலோகம் செய்யும் வேலையானால் பத்து நாளும் இவ்வளவு கவனமான சூடும் எதற்கு? அழுகும் சதையில் வளரும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை உறிஞ்சிக் கரைக்கிற வேலைக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்துகிறது. இக்காலத்தில் கண்ணாடிச் சாடியிலும் சுமார் 50 டிகிரி சூட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கொதிக்க விட்டால் பாக்டீரியா செத்துவிடும். ஊதாச் சேறு அடியில் தங்கும், கம்பளியில் மேலோட்டமாக ஒட்டி விரலால் தேய்த்தால் வந்துவிடும். தாழி சரியாக இருந்தால் கம்பளி பச்சையாக வெளியே வந்து, காற்றுப்பட்டதும் கண்ணெதிரே ஊதாவாகும்.

காரம் எங்கிருந்து வந்தது என்று பிளினி எழுதவில்லை. அந்த இடம் உங்கள் வாதத்துக்கும் இடைஞ்சல், என் வாதத்துக்கும் இடைஞ்சல்.

கேள்வி: திண்டிவனம் பக்கம் அவுரி போட்டிருக்கிறோம். போன முறை ஊறல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கட்டி சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக வந்தது. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் ஊறல் நேரம். பூ விடுவதற்கு முன் அறுத்த செடியை அன்றைக்கே தொட்டியில் அடுக்கி, மிதக்காமல் கட்டை போட்டு அமுக்கி, மூழ்கும்வரை தண்ணீர் விட வேண்டும். நம் ஊர் வெயிலில் 10 முதல் 14 மணி நேரம் போதும். நீர் மஞ்சள் கலந்த பச்சையாகி, குமிழி எழும்பி, மேலே செம்புப் பளபளப்போடு ஏடு கட்டினால் உடனே கீழ்த்தொட்டிக்கு இறக்குங்கள். அதற்கு மேல் விட்டால் இலை அழுகி, அந்தக் கசடும் நீலத்தோடு சேர்ந்து படியும். சாம்பல் பூப்பது அதனால்தான். சுண்ணாம்பு அதிகமாகப் போட்டாலும் இதே மங்கல் வரும்.

கீழ்த்தொட்டியில் நீரைக் காற்றுப்பட அடிப்பது இரண்டு மூன்று மணி நேரம். நிறுத்தும் சமயத்தை அறிய வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நீலத் துகள் தனியாகவும், சுற்றி நிற்கும் நீர் தேன் நிறத்தில் தெளிவாகவும் பிரிந்தால் போதும். நீர் இன்னும் பச்சையாக இருந்தால் உங்கள் நீலத்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரை இப்போது வடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

காய்ந்த கட்டியை உடைத்து நகத்தால் ஒரு கோடு கிழியுங்கள். செம்பு போல மின்ன வேண்டும். மண் கலந்த கட்டி மின்னாது, தண்ணீரில் போட்டால் சட்டென்று மூழ்கும்.

கேள்வி: இந்த நீலக் கட்டியை மருதாணியோடு அரைத்துத் தலைக்குப் போட்டால் முடி கறுக்குமா?

பதில்: கறுக்காது அம்மா. கட்டி தண்ணீரில் கரையாது, தலையில் பூசினால் கழுவும்போது போய்விடும். தலைக்கு வேண்டியது காய்ந்த அவுரி இலைப் பொடி. அதில் நீலம் இன்னும் உருவாகவில்லை, ஈரம் பட்ட பிறகுதான் உருவாகும். அதனால் மருதாணி வைத்துக் கழுவிய பிறகு, பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால் மணி நேரத்தில் பூசிவிடுங்கள். வாங்கும்போது பொடி பச்சையாக இருக்க வேண்டும். நீலம் ஓடியிருந்தால் அதன் வேலை டப்பாவுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

கேள்வி: தூத்துக்குடியில் எங்கள் வலையில் யானைமுள்ளிச் சங்கு வரும். அதிலும் ஊதா இருக்குமா அண்ணே?

பதில்: அதுவும் முள் நத்தைக் குடும்பம்தான் தம்பி, சுரப்பி அதற்கும் உண்டு. கறிக்கு உடைக்கும்போது உயிரோடு இருப்பதாகப் பாருங்கள். சாகும்போது சாற்றை வெளியே விட்டுவிடும் என்று பிளினியே எழுதியிருக்கிறார். வெளிர் நரம்பைக் கீறி, வெள்ளைப் பருத்தித் துணியில் தேய்த்து வெயிலில் வையுங்கள். நிறம் மாறுவதைப் பக்கத்தில் இருந்தே பார்க்கலாம். துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், நாற்றம் பல துவைப்புக்கும் தாங்கும். ஒரு சங்கில் கைக்குட்டை ஓரத்தில் ஒரு கறை அளவுக்குத்தான் கிடைக்கும்.