டாக்குமென்ட் கன்ட்ரோல் வேலைக்குப் போகும் மகளுக்கு

ஐயா, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகளுக்கு ஓசூர் கியர் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோல் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது, அது ஃபைல் அடுக்கும் குமாஸ்தா வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கியரைக் கடினப்படுத்திய பின் 160 டிகிரியில் டெம்பரிங், அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தச் சொல்கிறது செயல்முறைத் தாள். அதன் திருத்த எண் ரெவிஷன் 02. கிரைண்டிங்கில் விரிசல் வருவதால் அதை 180 ஆக்க முடிவாகிறது. இனி அது ரெவிஷன் 03. எது மாறியது, ஏன் மாறியது, எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்பதை மாற்றக் குறிப்பில் எழுத வேண்டும். ஒரு எண்தான் மாறியது என்று பழைய ரெவிஷனிலேயே திருத்திவிட்டால், ஒரே எண்ணில் இரண்டு விதமான தாள் உலவும்.

அடுத்தது கையெழுத்து. தயாரித்தவர் ஹீட் ட்ரீட்மென்ட் தெரிந்த இன்ஜினியர், ஒப்புதல் தருபவர் தரப் பிரிவுத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் தேதி, நடைமுறைத் தேதிக்குப் பின்னால் இருந்தால், ஒப்புதல் இல்லாத முறையில் சில நாள் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். தணிக்கையாளர் கண்ணில் அது சட்டென்று படும்.

பெரும்பாலும் சறுக்குவது பழையதை அகற்றுவதில்தான். எந்தத் தாளுக்கு எந்த ரெவிஷன் நடப்பில் இருக்கிறது என்று காட்டும் மாஸ்டர் லிஸ்ட்டில் உங்கள் மகள் 03 என்று மாற்றி, புதுப் பிரதிகளைக் கொடுத்து, பழையவற்றைத் திரும்ப வாங்குவாள். பிரதி எண்படி நான்கு கொடுத்திருந்தால் நான்கும் வர வேண்டும். ஆனால் ஷிஃப்ட் சூப்பர்வைசர் எப்போதோ ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, ஃபர்னஸ் பக்கத்தில் ஒட்டியிருப்பார். அது எந்தப் பட்டியலிலும் இருக்காது. இரவு ஷிஃப்ட் ஆள் அதைப் பார்த்து 160 வைப்பார். தணிக்கையாளரும் அங்கே ஒட்டியிருக்கும் ரெவிஷன் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து மாஸ்டர் லிஸ்ட்டோடு ஒப்பிடுவார். அதனால் அவள் ஏசி அறையை விட்டு இறங்கி லைனில் நடந்தே ஆக வேண்டும்.

பழையதை எல்லாம் கிழித்துவிடவும் கூடாது. போன வருடம் செய்த கியர் மீது புகார் வந்தால், அது எந்த முறையில் செய்யப்பட்டது என்று காட்ட, 'செல்லாதது' முத்திரையோடு ஒரு பிரதி தனியாக இருக்க வேண்டும்.

கம்பெனியின் தர முறையை மொத்தமாகச் சொல்லும் தரக் கையேட்டைப் பற்றி ஒன்று. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் வாகன உதிரிபாகக் கம்பெனிகளுக்கான ஐஏடிஎஃப் 16949 கேட்கிறது. இன்டர்வியூவில் இதைக் கேட்க வாய்ப்பு உண்டு.

அவளும் ஒன்று கேட்கட்டும்: பழைய பிரதிகளைத் தேடி ஷாப் ஃப்ளோருக்குப் போக எனக்கு அனுமதி உண்டா, உள் தணிக்கையில் சேர்ப்பீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், சரி, நீங்கள் சொன்ன குமாஸ்தா வேலைதான் அது. வேறு கம்பெனி பார்க்கலாம்.